பதினேழாம் கேள்வி யாருடையது

அந்தச் செவிலியர் கல்லூரியில் அவளுக்குக் கமா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் அங்கிருந்து வெளியே எடுப்பதில்லை. மாணவிகளின் கட்டுரைகளில் மேற்கோள் காட்டும் இடத்தில் ஆசிரியர் பெயருக்கும் ஆண்டுக்கும் நடுவே கமா விட்டுப்போனால் அரை மதிப்பெண் கழிப்பாள். மூல நூலைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், அதைப் பற்றி வேறொருவர் எழுதியதிலிருந்து மேற்கோளைத் தூக்கி வந்தால் இரண்டு மதிப்பெண் போகும். கூடவே ஒரு பிரசங்கமும் உண்டு. “படிச்சேன்னு சொல்லாம சொல்றீங்க பாருங்க, அதுக்குப் பேரு பொய்” என்பாள். மாணவிகள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள்.

இப்படிப்பட்டவள் தன் முனைவர் பட்ட ஆய்வில் என்ன செய்திருந்தாள் என்பதுதான் விஷயம்.

ஆய்வு, பக்கவாதம் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களைப் பற்றியது. நோயாளியின் ரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது. அவரைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிடுகிற மனைவியின் மனபாரத்தை அளக்க என்ன இருக்கிறது? கேள்வித்தாள்தான் இருக்கிறது. வெளிநாட்டில் ஒரு பேராசிரியர் பல ஆண்டுகளுக்கு முன்பு உருவாக்கிய அளவுகோல் அது. இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்பதிலிருந்து ‘எப்போதும்’ வரை ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். கூட்டினால் வரும் எண்தான் பாரம்.

கமா அதை மருத்துவமனையின் பிசியோதெரபி காத்திருப்புக் கூடத்தில் வைத்து முந்நூறு பேரிடம் கேட்டு முடித்திருந்தாள். எழுதியும் முடித்தாயிற்று. ஐந்து அத்தியாயங்களும் தயார். இரண்டு தடவை கால நீட்டிப்பு வாங்கியிருந்ததால் இந்த மாதக் கடைசிக்குள் சமர்ப்பித்தே ஆகவேண்டும். தவறினால் பதிவு ரத்து. ஆறு வருட உழைப்பு அம்போ. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. அளவுகோலைப் பயன்படுத்த அதை உருவாக்கியவரின் அனுமதிக் கடிதம் பின்னிணைப்பில் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் புதிதாக விதி போட்டிருந்தது. கேள்வி கேட்பதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டிய அனுமதி அது. விதி வந்ததும்தான் அவளுக்கு உறைத்தது.

பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார் என்றாலும் அவர் முகவரி கிடைத்தது. கமா பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். தான் கேட்ட கேள்விகளை, மொழிபெயர்ப்பு சரிதானா என்று பார்ப்பதற்காக இன்னொருவரை வைத்து மறுபடியும் ஆங்கிலத்துக்குத் திருப்பி வைத்திருந்தாள். அதையும் இணைத்தாள். அப்படி இணைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கமாவுக்கு ஒரு வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அவள் தலையெழுத்து அது.

பதில் மூன்றாம் நாள் வந்தது. ஆசிரியர் அறையில் மதிய இடைவேளை. மற்றவர்கள் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருக்க, இவள் கணினியைத் திறந்தாள்.

பெரியவர் அன்பாகத்தான் எழுதியிருந்தார். தன் அளவுகோல் இவ்வளவு தூரம் பயணம் செய்திருப்பதில் தனக்கு மகிழ்ச்சி. பயன்படுத்தக் கட்டணம் ஏதும் கிடையாது. மூலக் கட்டுரையைக் குறிப்பிட்டு, செய்த மாற்றங்களையும் சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தார்.

‘என்னுடையதில் இருபது கேள்விகள். உங்களுடையதிலும் இருபது. ஆனால் அதே இருபது அல்ல. என் கேள்விகளில் இரண்டைக் காணோம். உங்கள் ஒன்பதாவதையும் பதினேழாவதையும் நான் எழுதவில்லை. நான் ஐந்து விடைகள் கொடுத்திருந்தேன். நீங்கள் நான்குதான் கொடுத்திருக்கிறீர்கள். மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மாற்றிய பிறகு, அறுபதுக்கு மேல் போனால் கடும் பாரம் என்று நான் போட்ட கோடு உங்களுக்குப் பொருந்தாது. நான் சொன்ன நம்பகத்தன்மை எண்ணும் உங்களுடையது ஆகாது. மற்றபடி, பதினேழாவது கேள்வியைக் கேட்க எனக்கு அந்த நாளில் தைரியம் வரவில்லை. அதை எழுதியது யாரோ, அவர் பெயரைப் போடுங்கள்.’

தன் மூலக் கட்டுரையையும் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். கமா அதை முதன்முதலாக அப்போதுதான் பார்க்கிறாள். ஆறு வருடமாக மேற்கோள் காட்டிக்கொண்டிருந்த கட்டுரை! ஆசிரியர் பெயர், கமா, ஆண்டு, எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தது. கட்டுரையைத்தான் படிக்கவில்லை. இரண்டு மதிப்பெண் கழிக்கிற குற்றம். அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

மாற்றங்களில் ஒன்று அவள் கைவேலைதான். சோதனைக்காக முதலில் சிலரிடம் கேட்டபோது எல்லாரும் நடுவிலிருந்த ‘சில சமயம்’ கட்டத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்கள். வம்பே வேண்டாம் என்று நினைக்கிறவனுக்கு நடுக்கட்டம் வசதி. ஆகவே அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டாள். எடுத்தது தப்பில்லை, எடுத்ததை எழுதாததுதான் தப்பு. எழுதினால் அந்த அறுபது கோடு கைவிட்டுப் போகும், ‘எழுபது சதவீதம் பேருக்குக் கடும் பாரம்’ என்ற தலைப்புச் செய்தியும் கூடவே போகும் என்பது அவள் மூளையின் ஏதோ ஒரு மூலைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மூலையை அவள் கூட்டிப் பெருக்கியதில்லை.

ஆனால் ஒன்பதும் பதினேழும் அவள் எழுதியவை அல்ல. அந்தக் கேள்வித்தாள் அவளுக்குக் கிடைத்தது அவளுடைய வழிகாட்டியிடமிருந்து. வழிகாட்டி அதே கல்லூரியின் துறைத்தலைவி. எல்லாருக்கும் ‘மேடம்’. மேடம் பதினைந்து வருடத்துக்கு முன்பு தன் முனைவர் பட்டத்துக்காக இதே அளவுகோலை மொழிபெயர்த்திருந்தார். அதன் நகலைக் கமாவிடம் கொடுத்தபோது, “மேற்கோள்ல வெளிநாட்டுக்காரர் பேரை மட்டும் போடு, போதும். என் ஆய்வேட்டை எல்லாம் இழுக்காதே” என்றார். தன் பெயரை நாலு இடத்தில் யாராவது மேற்கோள் காட்ட மாட்டார்களா என்று அலைகிற உலகத்தில் இது என்ன அடக்கம் என்று கமா அப்போது நெகிழ்ந்தே போனாள்.

இப்போது நூலகத்துக்குப் போய் மேடத்தின் ஆய்வேட்டை எடுத்தாள். மூன்றாவது அத்தியாயத்தில் அளவுகோலைப் பற்றி ஒரே ஒரு வரி. ‘இன்னாரின் அளவுகோல் மொழிபெயர்த்துப் பயன்படுத்தப்பட்டது.’ இரண்டு கேள்விகளை எடுத்ததாகவோ இரண்டைச் சேர்த்ததாகவோ மூச்சு இல்லை. எண்ணிக்கை இருபதாகவே இருந்ததால் தேர்வாளர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கேள்விகளை எண்ணுகிறவர்கள் உண்டு. படித்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

ஒன்பதாவது கேள்வி சாது. ‘உறவினர்கள் வந்து அறிவுரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று தோன்றுகிறதா?’ பதினேழாவது அப்படியல்ல.

‘இவர் சீக்கிரம் போய்ச்சேர்ந்துவிட்டால் தேவலை என்று உங்களுக்குத் தோன்றியதுண்டா?’

கமாவின் நான்காவது அத்தியாயம் முழுக்க இந்தக் கேள்வியின் தோளில்தான் நின்றது. மற்றக் கேள்விகளுக்குச் சனங்கள் பார்த்துப் பார்த்து டிக் போட்டார்கள். இந்த இடத்தில் மட்டும் பேனா நிற்கும். ஒருவர் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவார். இன்னொருவர் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பார்க்கிறாரா என்று கையால் மறைத்துக்கொள்வார். அதன்பின் டிக் விழும், பெரும்பாலும் ‘அடிக்கடி’யில். ஒரு பெண், கணவனை உள்ளே பயிற்சிக்கு விட்டுவிட்டு வந்தவள், கேள்வியை இரண்டு முறை படித்துவிட்டுக் கமாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதை யாருங்க எழுதினது?”

“வெளிநாட்டுல ஒரு பெரிய பேராசிரியர்.”

“அவரு வீட்டுலயும் யாரோ படுத்துக் கிடந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு, ‘எப்போதும்’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள். கமா அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் கமாவின் கணவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நாள் முழுவதும் அடுத்தவர் பயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கிற ஆள். சாப்பாட்டு மேசையில் கதையைக் கேட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினான்.

“ஒரு வரிக் கேள்வி. அதுக்கா இவ்வளவு கூத்து? எழுதினவர் பேர் தெரியலைன்னு போட்டுட்டுப் போவியா.”

“தெரியுமே. மேடம்தான் எழுதியிருக்காங்க.”

“அப்ப மேடம்னு போடு.”

“அவங்க போடாதேன்னாங்க.”

“அப்ப போடாதே.” இரண்டு பக்கமும் வழிவிட்டுவிட்ட திருப்தியோடு அவன் கைகழுவப் போனான். கமாவுக்கு எரிச்சல் வந்தது. ஆனால் மொத்தப் பிரச்சினையும் அந்த இரண்டு பதிலுக்குள் அடங்கித்தான் இருந்தது.

மறுநாள் காலை மேடத்தின் அறைக்குப் போனாள். சுத்தமான மேசை, சுவரில் கால அட்டவணை, ஜன்னலோரம் வாடாத ஒரு தொட்டிச்செடி. மேடம் கண்டிப்பானவர், ஆனால் காரியக்காரர். யாருக்கு எந்தக் கையெழுத்து வேண்டுமானாலும் அன்றன்றைக்கே போட்டுக்கொடுப்பார். பெரியவரின் கடிதத்தைப் படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“ரெண்டு கேள்வியையும் எடுத்துடு. பதினெட்டுக் கேள்வின்னு வச்சு மறுபடி கணக்குப் போடு. ரெண்டு நாள் வேலை.”

“முந்நூறு பேர்கிட்ட கேட்டிருக்கேன் மேடம். கேட்டுட்டு, கேக்கவே இல்லைன்னு எப்படி எழுதறது?”

“கேட்டோம், எடுத்துட்டோம்னு எழுது.”

“ஏன் எடுத்தோம்னு எழுதணுமே. நல்லா வேலை செஞ்ச கேள்வி அதுதான். அதை எடுத்தா நாலாவது அத்தியாயமே படுத்துடும்.”

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “அப்ப நீயே சேர்த்ததா போட்டுடு. ‘ஆய்வாளரால் சேர்க்கப்பட்டது.’ உனக்கும் பேரு. தேர்வாளர் கேட்டா, பேட்டி எடுத்தப்ப சனங்க சொன்னதுலேருந்து எடுத்தேன்னு சொல்லு. நாலு பேர் கட்டாயம் சொல்லியிருப்பாங்க.”

ஒரு நொடி கமாவுக்கு ஆசை வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கையெழுத்து வரும், பட்டம் வரும், கேள்வியும் தன்னுடையதாகிவிடும். கேட்கிறவர்கள் எல்லாரும் பாராட்டப்போகிற கேள்வி. ஆனால் அடுத்த நொடியே நூலக அலமாரி நினைவுக்கு வந்தது. பதினைந்து வருடமாக அந்தக் கேள்வி அங்கே மேடத்தின் ஏட்டில் அச்சாகி உட்கார்ந்திருக்கிறது. அதைத் தன்னுடையது என்று சொன்னால் அதன் பெயர் திருட்டு.

“உங்க ஆய்வேட்டுல இருக்கு மேடம். நான் எழுதினேன்னு எப்படிச் சொல்றது? உங்க பேரைப் போடறதுல என்ன கஷ்டம்? யாரும் உங்களைக் குத்தம் சொல்லப் போறதில்லை. அப்ப எழுத விட்டுப்போச்சு, இப்ப எழுதிட்டோம். அவ்வளவுதானே?”

“அவ்வளவு இல்லை” என்றார் மேடம். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

உட்காரும்போது நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார், கமாவின் முகத்தை நேராகப் பார்க்கத் தேவையில்லாதபடி.

“அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது நான் பதிவு பண்ண ரெண்டாவது வருஷம். உனக்குத் தெரியும்.”

தெரியும். மேடத்தின் கணவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவராக இருந்தவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் போயின. பேச்சு குழறினாலும் கேட்டால் புரியும். வீட்டிலேயே சக்கர நாற்காலியில் இருக்கிறார். கண்ணும் மூளையும் அப்படியே இருப்பதால் துறையின் ஆய்வேடுகள் எல்லாம் அவர் மடிக்குப் போய்விட்டுத்தான் பைண்டிங்குக்குப் போகும். இடது கையால் பென்சில் பிடித்துத் திருத்துவார். எல்லா ஏட்டின் நன்றியுரையிலும் அவர் பெயர் உண்டு. கமாவின் முதல் நான்கு அத்தியாயங்களும் அவர் பார்த்துக் கொடுத்தவைதான்.

“எந்தக் கேள்வித்தாளையும் மத்தவங்ககிட்ட கொடுக்கறதுக்கு முன்னாடி நாமளே ஒரு தடவை போட்டுப் பாக்கணும் இல்லையா? நானும் உக்காந்து போட்டேன். அவர் உள்ளே தூங்கிட்டிருந்தாரு. இருபது கேள்வியும் போட்டு முடிச்சுட்டேன். மார்க்கும் கூட்டிட்டேன். மிதமான பாரம்னு வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எனக்கு என்ன தோணிட்டு இருந்ததோ, அதை அந்தத் தாள்ல யாருமே கேக்கலை.”

மேடம் தொட்டிச்செடியைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

“அன்னிக்கே எழுதிச் சேர்த்துட்டேன். எண்ணிக்கை இடிக்கக் கூடாதேன்னு ரெண்டை எடுத்தேன். ஒண்ணு மட்டும் சேர்த்தா தனியாத் தெரியும்னு அந்த உறவினர் கேள்வியையும் கூடப் போட்டேன். ‘ஆய்வாளரால் சேர்க்கப்பட்டது’ன்னு எழுதினா, எதை வச்சுச் சேர்த்தேன்னு வைவாவுல தேர்வாளருங்க நேருக்கு நேர் கேப்பாங்க. எந்தக் கட்டுரையிலேருந்து, எந்த நிபுணர்கிட்ட கேட்டேன்னு. வீட்டுலேருந்துன்னு சொல்ல முடியுமா? அதனால அந்தப் பேராசிரியர் தலையில போட்டுட்டேன். வசதியா தூரத்துல இருந்தாரு.”

“மேடம், ஏன் சேர்த்தீங்கன்னு நான் எழுதப் போறதில்லையே. இந்த ரெண்டும் உங்க ஆய்வேட்டுலேருந்து எடுத்ததுன்னு மட்டும்தான்…”

“அவர் படிப்பாரும்மா.” மேடத்தின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “என் ஏட்டுல ஒரு பிரதிகூட நான் வீட்டுல வைக்கலை. உன் நாலாவது அத்தியாயம் படிச்சப்ப என்ன சொன்னாரு தெரியுமா? ‘இந்த வெளிநாட்டுக்காரன் விவரமான ஆளு, உள்ளே பூந்து பாத்திருக்கான்’னாரு. நான் ஆமான்னேன். இப்ப அந்த இடத்துல என் பேரையும் வருஷத்தையும் பாத்தா? எந்த வருஷம்னு அவருக்குக் கணக்குப் போடத் தெரியாதா?”

மேடத்தின் மேல் அவளுக்குப் பரிதாபம் வந்தது. அதே மூச்சில் கோபமும் வந்தது. தன் வீட்டு விஷயத்தை மூடுவதற்காக இன்னொரு மனிதரின் பெயரைப் போர்வையாக இழுத்துப் போட்டுக்கொண்டது போதாதென்று, அந்தப் போர்வையின் இன்னொரு நுனியைப் பிடிக்க இவளையும் கூப்பிடுகிறாரே என்ற கோபம். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றாள்.

“நான் இல்லாததை எழுத மாட்டேன் மேடம். இருக்கறதை எழுதிக் கொண்டுவந்து வைக்கறேன். கையெழுத்துப் போடறதும் போடாததும் உங்க இஷ்டம்” என்றாள். சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் தான் சொன்னதன் அர்த்தம் புரிந்தது. வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் பல்கலைக்கழகம் தாளைத் தொடவே தொடாது.

வார இறுதி முழுவதும் உட்கார்ந்து மூன்றாவது அத்தியாயத்தில் அந்தப் பகுதியைப் பிரித்து எழுதினாள். ஒரு வரி இருந்த இடத்தில் இரண்டு பக்கம் வந்தது. ‘பயன்படுத்தப்பட்டது’ என்பதை அடித்துவிட்டு, ‘தழுவிப் பயன்படுத்தப்பட்டது’ என்று போட்டாள். மூல அளவுகோலுக்கு மேற்கோள், இந்த முறை படித்துவிட்டு. மொழிபெயர்ப்புக்கு மேடத்தின் ஆய்வேடு. அடுத்து ஓர் அட்டவணை: இடப்பக்கம் மூலக் கேள்வி, நடுவில் தான் கேட்ட கேள்வி, வலப்பக்கம் மாற்றியது யார் என்று. நடுக்கட்டத்தை எடுத்ததற்கு நேராகத் தன்னையே போட்டுக்கொண்டாள். ஒன்பதாவதுக்கும் பதினேழாவதுக்கும் நேராக மேடத்தின் பெயர், ஆண்டு, பக்க எண். காரணம் ஏதும் எழுதவில்லை. தெரிந்தே எழுதாமல் விட்ட ஒன்று அதுதான். அது தன்னுடையதல்ல என்று விட்டாள். அனுமதி கேள்விகளைக் கேட்ட பிறகுதான் வாங்கப்பட்டது என்பதையும் ஒரு வரியில் ஒப்புக்கொண்டாள்.

எண்களுக்கு வந்தபோதுதான் வலித்தது. பேராசிரியரின் நம்பகத்தன்மை எண்ணை எடுத்துவிட்டுத் தன் முந்நூறு பேரின் விடைகளை வைத்துப் புதிதாகக் கணக்கிட்டாள். கொஞ்சம் குறைவாக வந்தது, கேவலமில்லை. அறுபது என்ற கோட்டை அழித்தாள். அதோடு ‘எழுபது சதவீதம் பேருக்குக் கடும் பாரம்’ காணாமல் போயிற்று. ஒரு மாநாட்டில் அந்த வாக்கியத்துக்குக் கை தட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் இப்போது சராசரியும், யாருக்குக் கூடுதல் யாருக்குக் குறைவு என்ற ஒப்பீடும் மட்டும் இருந்தன. அவற்றுக்கு யாரும் கை தட்டப் போவதில்லை. கணவன் எட்டிப் பார்த்துவிட்டு, “இளைச்சுப்போச்சே உன் ஆராய்ச்சி” என்றான். “ஆமா, போனதெல்லாம் ஊளைச்சதை” என்றாள் இவள்.

திங்கட்கிழமை காலை மேடம் வருவதற்கு முன்பே அந்தப் பக்கங்களை, வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டிய சான்றிதழ்த் தாளோடு சேர்த்து மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

செவ்வாய் போயிற்று. புதனும் போயிற்று. எந்தக் கையெழுத்தையும் அன்றன்றைக்கே போடுகிற மனுஷி நடைக்கூடத்தில் எதிரே வந்தும் தலையசைத்துவிட்டுப் போனார். கமா வகுப்பெடுத்தாள். மேற்கோள் பற்றி ஒரு மாணவி சந்தேகம் கேட்டபோது வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டு, “போட வேண்டியதைப் போட்டுடுங்கம்மா, சுலபம்னு மட்டும் நினைக்காதீங்க” என்று முடித்துக்கொண்டாள். மாணவிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதிவு ரத்தானால் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கப் பார்த்தாள். அந்த யோசனை இரண்டாவது படியைத் தாண்டவில்லை. வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். தான் செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சக்கர நாற்காலியில் இருக்கிற அந்த மனிதரை நினைத்தால் மட்டும் அந்தச் சரி கையில் கனத்தது.

வியாழன் பிற்பகல் மேடம் கூப்பிட்டனுப்பினார்.

பக்கங்கள் மேசைமேல் இருந்தன. மேடத்தின் முகத்தில் தூக்கம் கெட்ட களைப்பு. ஆனால் குரல் வழக்கமான குரல்தான்.

“அட்டவணையில பக்க எண் தப்பா போட்டிருக்கே. பின்னிணைப்புல நூத்து எண்பத்தி மூணு. நீ எண்பத்தி ஒண்ணுன்னு போட்டிருக்கே.”

“மாத்திடறேன் மேடம்.”

“உன் ஏடு வெளியே வரும்போது, என்னோடதுக்கும் ஒரு திருத்தத் தாள் எழுதி நூலகத்துல ஒட்டச் சொல்லிடறேன். அந்தப் பேராசிரியருக்கும் ஒரு லெட்டர் போடணும். பதினஞ்சு வருஷமா அவர் சொல்லாததைச் சொன்னார்னு சொல்லிட்டிருக்கேன்.”

கமா பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்கக் கூடாது என்று நினைத்தாள். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

“சார்கிட்ட…?”

“சொல்லிட்டேன். ஏட்டுல பாத்துத் தெரிஞ்சுக்கறதைவிட நான் சொன்னதா இருக்கட்டும்னு நேத்து காலையில சொன்னேன். ஷேவ் பண்ணிவிட்டுட்டு இருந்தேன். முகம் பூரா சோப்பு. அந்தக் கேள்வியை எழுதினது நான்தான்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“என் கையில இருந்த ரேசரை ஒதுக்கினாரு. அப்புறம், ‘நீ எதுல டிக் போட்டே’ன்னு கேட்டாரு.”

மேடம் சான்றிதழ்த் தாளை எடுத்து நேராக வைத்துக்கொண்டார். பேனா மூடியைக் கழற்றினார்.

“‘அடிக்கடி’ன்னு சொன்னேன். பொய் சொல்ல வரலை. கன்னத்துல பாதி சோப்பு அப்படியே காஞ்சுட்டிருக்கு, துடைக்கக்கூட எனக்குக் கை வரலை. அவரே இடது கையால துடைச்சுக்கிட்டாரு.” கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, தாளைக் கமாவின் பக்கம் தள்ளினார். “துடைச்சுட்டு, ‘நானா இருந்தா எப்போதும்னு போட்டிருப்பேன். என்னை யாரும் கேக்கலை’ன்னாரு.”